முதலில் இறங்குகிறவர்

முருகையா வெள்ளிமலைத் தோட்டத்தில் இருபத்தாறு வருடம் செய்த வேலைக்கு எங்கள் ஆபீஸில் ஒரு பெயர் இருக்கவில்லை. சம்பளப் பதிவில் 'பங்களா ஆள்' என்று எழுதியிருந்தோம். தோட்டத்துச் சனங்கள் இன்னும் சரியாகச் சொன்னார்கள்: முதலில் இறங்குகிறவர்.

வேலை இதுதான். தோட்டத்தை நடத்தும் பெரிய துரையின் ஜீப் எங்கே நின்றாலும், அது முழுதாக நிற்பதற்கு முன்பே பின்பக்கமிருந்து குதிக்க வேண்டும். சுற்றி ஓடி வந்து துரையின் கதவைத் திறக்க வேண்டும். மழையென்றால் குடை, வெயிலென்றாலும் குடை. மூன்று வெள்ளைத் துரைமாருக்குத் திறந்தார். தோட்டங்களை அரசாங்கம் எடுத்த பிறகு நம் நாட்டுத் துரைமார் வந்தார்கள். கதவைத் தாமே திறந்துகொள்வார்கள் என்று நாங்கள் சிலர் நினைத்தோம், எங்கள் புத்தி அவ்வளவுதான். புதிய துரைமாருக்கு இன்னும் சற்று வேகமாகத் திறக்க வேண்டியிருந்தது.

நான் அங்கே சின்னக் கிளாக்கர். தட்டச்சு இயந்திரமும் நானும் ஒரே மூலையில் இருந்தோம். பெரிய கிளாக்கர் சிவஞானம் சொல்வதை நான் அடிப்பேன், துரை கையெழுத்து வைப்பார். அந்த மூன்று பேரின் வழியாகத்தான் அந்தத் தோட்டத்தில் எல்லாருக்கும் நல்லதும் கெட்டதும் வந்தது. இதைச் சொல்ல எனக்குக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் சொல்லிவிட வேண்டும்.

முருகையாவுக்கு அந்த வேலையால் கிடைத்த பெரிய லாபம் ஓர் அறை. பங்களாவுக்குப் பின்னால் பழைய குதிரை லாயம் ஒன்று இருந்தது. அதை மறித்து ஒரு காம்பராவாக்கி அவருக்குக் கொடுத்திருந்தார்கள். குதிரைக்கென்று கட்டியதால் அது நன்றாகக் கட்டப்பட்டிருந்தது: சுவர் ஈரம் இழுக்காது, கூரை உயரம், புகை தங்காது. அவர் மனைவி பெரியாயிக்கு இழுப்பு வியாதி. தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ்க்கணக்கில், தொழிலாளர் லயத்தில் இருந்த காலத்தில் ஒவ்வொரு மழைக்கும் அவளை டிஸ்பென்சரிக்குத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியிருந்தது. லாயத்துக்கு வந்த ஒன்பது வருடத்தில் இரண்டே தடவைதான் தூக்கினார். அவர் குதித்தது ஜீப்பிலிருந்து என்றாலும், அந்த அறைக்காகத்தான் குதித்தார்.

எண்பத்தோராம் வருடம் மாசி மாதத்தில் எங்கள் தோட்டத்துக்குப் பலூன் வந்தது.

கொழும்பில் தோட்டங்களை நடத்தும் தலைமைக் காரியாலயத்தில் யாருக்கோ ஒரு யோசனை உதித்திருக்கிறது. வெளிநாட்டுப் பத்திரிகைகளில் எங்கள் தேயிலைக்கு விளம்பரம் போட வேண்டும். மஞ்சள் நிறப் பலூன் ஒன்று மலைக்கு மேலே மிதக்க வேண்டும், அதிலிருந்து ஒரு துரை வெள்ளிக் காகிதம் ஒட்டிய தேயிலைப் பெட்டியோடு இறங்கி வந்து காரியாலயத்தின் தலைவரிடம் கொடுக்க வேண்டும். தேயிலை வானத்திலிருந்து இறங்குகிறது என்று அதற்குப் பொருளாம். எங்கள் பெண்கள் மழையில் அட்டைக்கடி பட்டுக் கிள்ளியது எப்படி வானத்துக்குப் போனது என்று யாரும் கேட்கவில்லை.

பலூனை ஓட்ட வந்தவர் ஹொலாந்துக்காரர், ஹெண்ட்ரிக் என்று பெயர். நெட்டையான, முகமெல்லாம் வெயிலில் சிவந்த மனிதர். எங்கள் சனங்கள் அன்றைக்கே அவருக்குப் 'பலூன் தொரை' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பண்டாரவளையிலிருந்து காஸ் சிலிண்டர்களை ஏற்றி வந்த தாஸிம், தன் லொறியோடு பத்து நாள் எங்களோடேயே இருந்தார். பலூன் போகும் திசையில் ரோட்டு வழியாகத் துரத்திப் போய், அது எங்கே இறங்குகிறதோ அங்கே ஏற்றி வருவது அவர் வேலை. "ஆகாசத்துல போறதுக்கு லொறி எதுக்கு சேர்?" என்று முதல் நாள் கேட்டார். "போவதற்கு இல்லை, திரும்பி வருவதற்கு. காற்று ஒருபக்கம்தான் போகும்" என்றார் ஹெண்ட்ரிக்.

காலையில் வேலைக்குப் பெயர் பதியும் பெரட்டுக் களத்தில் ஆட்களைக் கூட்டி அவர் பாடம் நடத்தினார். நான் மொழிபெயர்த்தேன். கயிறு பிடிக்கவும் பலூனுக்குக் கீழே ஆட்கள் நிற்கும் கூடையை அமுக்கவும் எட்டுப் பேரைத் தெரிந்தெடுத்திருந்தார்கள்.

"துணிப்பைக்குள் இருப்பதும் காற்று, வெளியே இருப்பதும் காற்று. உள்ளே இருப்பதைச் சுட வைத்தால் அது விரியும். இடம் போதாமல் கொஞ்சம் கீழ்வாய் வழியாக வெளியே போய்விடும். மிச்சமிருப்பது அதே பைக்கு, அதே அளவுக்கு, குறைந்த பாரம். சுற்றியிருக்கும் குளிர்ந்த காற்று பாரம் கூடியது. அது கீழே வரப் பார்க்கும்போது இதை மேலே தள்ளிவிடும். அதனால்தான் விடியலில் பறக்கிறோம். குளிர் கூடினால் சூடு குறைவாகவே போதும்."

தேயிலை காயவைக்கும் அடுப்பறையில் வேலை செய்த அழகையா உடனே தலையாட்டினார். "நம்ம அடுப்பறையிலயும் சூடு மேல மச்சுக்குத்தானே போவுது" என்றார். இதை நான் இங்கிலீஷில் சொன்னதும் ஹெண்ட்ரிக்குக் கண் விரிந்தது.

"இறங்குவதுதான் வித்தை" என்று அவர் தொடர்ந்தார். "நெருப்பை நிறுத்தினால் பை ஆறும், ஆறினால் இறங்கும். விட்டால் வேகம் கூடிக்கொண்டே போகும். அதனால் நடுநடுவே சின்னச் சின்னதாக நெருப்புக் கொடுத்துப் பிடித்துப் பிடித்து இறக்க வேண்டும். உச்சியில் ஒரு மூடி இருக்கிறது. இந்தச் சிவப்புக் கயிற்றை இழுத்தால் திறக்கும், சூடு மேலால் போகும். விட்டால் தானாக மூடிக்கொள்ளும். தரையில் நின்ற பிறகு கயிற்றை முழுதாக இழுத்துப் பிடித்தால் பை சுருங்கிப் படுத்துவிடும். அதுவரைக்கும் கூடை தரையைத் தொட்டாலும் அது தரையில் இல்லை. ஊதினால் பறக்கும் காகிதத்தின் நிலையில் இருக்கிறது. உள்ளே இருப்பவர்களின் பாரம்தான் அதைப் பிடித்திருக்கிறது. நான் சொல்லும்வரை ஒருவரும் இறங்கக் கூடாது. ஒருவர் இறங்கினால் மற்றவர்கள் மேலே போவார்கள்."

கடைசி வாக்கியத்தை மூன்று தடவை சொல்லச் சொன்னார். நானும் மூன்று தடவை சொன்னேன். கேட்க வேண்டிய இரண்டு பேர் மட்டும் அதைக் கேட்கவில்லை. பெரிய துரை முப்பது யார் தூரத்தில் ஜீப்பில் சாய்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தார். துரைக்குப் பாடமா? அவர் பக்கத்தில் முருகையா குடை பிடித்துக்கொண்டு நின்றார்.

வெள்ளிக்கிழமை ஒத்திகை. பெட்டியோடு இறங்கப்போகிற பெரிய துரையோடு முருகையாவும் ஏற வேண்டும் என்று உத்தரவு. தேநீர் பிளாஸ்க், குடை, துரையின் கம்பளி, இதையெல்லாம் தூக்க ஆள் வேண்டுமே. ஹெண்ட்ரிக் முருகையாவை மேலும் கீழும் பார்த்தார். இந்த உயரத்தில் காற்று மெலிவு, பாரம் குறைவாகத்தான் ஏற்ற முடியும் என்று சொன்னார். ஐம்பத்திரண்டு கிலோ மனிதர் என்று கண்டதும் சரி என்றார். குடையை மட்டும் வாங்கிக் கீழே எறிந்தார். விடிகாலைக் குளிரில் சிலிண்டரில் காஸ் அமுக்கம் போதாமல் சுடுதண்ணீரில் நனைத்த சாக்குகளை அவற்றின் மேல் போட்டோம். பிறகு நெருப்பு இரைந்தது. மஞ்சள் துணி எழுந்து நின்றது. தோட்டம் முழுக்க வாய் பிளந்து பார்த்தது.

இருபது நிமிடம் பறந்து, பிள்ளைகள் பந்து விளையாடும் மைதானத்துக்கு அது வராமல், அதற்குக் கீழே உள்ள புல்வெளியில் தொட்டது. கூடை பூப்போல வந்து உட்கார்ந்தது. கயிற்றுக்காரர்கள் இன்னும் இருபது யார் தூரத்தில் ஓடி வந்துகொண்டிருந்தார்கள்.

வண்டி நின்றுவிட்டது. துரை இறங்கப் போகிறார். அத்தனை வருடத்துக் கால்கள் முருகையாவைக் கேட்கவில்லை. கூடையின் விளிம்பைத் தாண்டிக் குதித்து, சுற்றி ஓடி வந்து, துரையின் பக்கத்தில் கதவைத் தேடினார்.

கூடைக்குக் கதவு கிடையாது. கதவு இருந்திருந்தாலும் அது அதற்குள் அவர் தலைக்கு மேலே போயிருந்தது.

ஹெண்ட்ரிக்கைப் பாராட்டத்தான் வேண்டும். சத்தம் போடவில்லை, சிவப்புக் கயிற்றை இழுத்தார். மூடி திறந்து சூடு போயிற்று. ஏற்றம் நின்றதும் கயிற்றை விட்டுவிட்டார், இழுத்தபடியே இருந்தால் கல்லாக விழுந்திருக்கும். பிறகு ஒரு சின்ன நெருப்பு, இன்னொரு சின்ன நெருப்பு. இருநூறு யார் தள்ளி மாட்டுப் பட்டிக்குப் பக்கத்தில், மறுபடி பூப்போலத்தான் இறக்கினார். ஆனால் அந்த மூன்று நிமிடமும் துரை போட்ட சத்தம் மேல்கணக்கு, கீழ்க்கணக்கு இரண்டிலும் கேட்டது. அவர் சிங்களத்தில் அம்மாவைக் கூப்பிட்டார் என்று பிறகு கொழுந்துக்காரப் பெண்கள் பேசிச் சிரித்துக்கொண்டார்கள். அதுவும் துரையின் காதுக்குப் போயிற்று.

அன்று மத்தியானமே சிவஞானம் என்னைக் கூப்பிட்டு இங்கிலீஷில் கடிதம் சொன்னார். "பங்களா ஆள் முருகையா, கட்டளை இல்லாமல் வாகனத்திலிருந்து இறங்கி, உடன் இருந்தவர்களின் உயிருக்கு ஆபத்து விளைவித்ததால், பங்களா வேலையிலிருந்து நீக்கப்பட்டுக் கீழ்க்கணக்கில் புல்வெட்டும் வேலைக்கு அனுப்பப்படுகிறார். லாயத்துக் காம்பராவை ஏழு நாளில் ஒப்படைக்க வேண்டும்." அடித்தேன். ஒரு பிழைகூட விடவில்லை. ஆனால் துரை அன்று கையெழுத்து வைக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தலைவர் வருகிறார், அதற்கு முன்னால் தொழிற்சங்கத்துக்காரர்கள் கூச்சல் போடக் கூடாது, திங்கட்கிழமை பார்ப்போம் என்றார். கடிதத்தைத் தன் மேசையில் தாள் பறக்காமல் வைக்கும் கண்ணாடிக் குண்டுக்கு அடியில் வைத்தார்.

மாலையில் முருகையா ஆபீஸ் வாசலில் வந்து நின்றார்.

"அய்யா, கடுதாசி அடிச்சாச்சா?"

"ஆச்சு."

"காம்பராவும் போயிருமாங்க?"

"ஏழு நாளாம். கட்டளை இல்லாம எறங்கினதுக்குன்னு எழுதியிருக்கு."

"எனக்குக் கீழ்க்கணக்கு ஒண்ணும் புதுசில்லீங்க. அவ அங்க ஒரு மழைக்குக்கூடத் தாங்க மாட்டா" என்றார். பிறகு, "நான் வேணும்னு குதிக்கலைங்க. நின்னுச்சு, குதிச்சிட்டேன்" என்றார்.

எனக்கு அழுகை வரவில்லை, கோபம் வந்தது. என் மேல் கொஞ்சம், துரை மேல் நிறைய. கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்ய? தட்டச்சு இயந்திரத்தை மூடி வைத்தேன்.

சனிக்கிழமை ஹெண்ட்ரிக் குண்டைத் தூக்கிப் போட்டார். ஞாயிறு பறப்புக்கும் முருகையாதான் வேண்டுமாம். கீழே கயிறு பிடிப்பவர்களுக்குத் தமிழில் கத்த ஆள் வேண்டும், பாரமும் பொருத்தம். துரை முகம் கறுத்தது. வேறு ஆள் தருகிறேன் என்றார்.

"வேண்டாம். சொல்லாமல் இறங்கினால் என்ன நடக்கும் என்று இந்தத் தோட்டத்தில் கண்ணால் கண்ட ஆள் அவர் ஒருவர்தான். இனி ஜென்மத்துக்கும் அந்தப் பிழையைச் செய்ய மாட்டார்" என்றார் ஹெண்ட்ரிக்.

துரையும் கண்ணால் கண்டவர்தான் என்பது எங்கள் எல்லாருக்கும் ஞாபகம் வந்தது. துரை வேறு வழியில்லாமல் தலையாட்டினார்.

ஞாயிறு காலை மைதானத்தில் பந்தல், மேளம், சவுக்கு இலைத் தோரணம். தலைவர் நடு நாற்காலியில் மாலையோடு உட்கார்ந்திருந்தார். படம் எடுப்பவர்கள் இரண்டு பேர். வடக்கிலிருந்து மெல்லிய காற்று. மேலே உள்ள மலையிலிருந்து கிளம்பிய பலூன் சொன்னபடி மைதானத்தை நோக்கி இறங்கி வந்தது. நெருப்பு நின்றது, கொஞ்சம் வந்தது, நின்றது, கொஞ்சம் வந்தது. கூடை புல்லைத் தடவிக்கொண்டு வந்து நின்றது. முருகையா கத்தினார்: "வாங்க, வாங்க! ஓடி வந்து அமுக்குங்க! கயித்தக் கையில சுத்தாதீங்க!" எட்டுப் பேரும் ஓடினார்கள்.

அந்த நேரம் பார்த்துத் தலைவர் நல்ல மனிதராக நடந்துகொண்டார். நாற்காலியை விட்டு எழுந்து, சிரித்தபடி, கையை நீட்டிக்கொண்டு பலூனை நோக்கி நடக்கத் தொடங்கினார்.

பெரிய துரை அதைக் கண்டார். தனக்கு மேலே உள்ளவர் தன்னை நோக்கி நடந்து வருகிறார், தான் கூடைக்குள் நின்றுகொண்டிருக்கிறார். இப்படி ஒரு காட்சியை எந்தத் துரையும் தாங்க மாட்டார். ஹெண்ட்ரிக் "பொறுங்கள்!" என்று கத்தியது எனக்கு மைதானத்தின் இந்தப் பக்கம் கேட்டது. துரை தேயிலைப் பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டு கூடையைத் தாண்டிக் குதித்தார்.

துரை தொண்ணூறு கிலோ. பெட்டி வேறு.

முருகையாவின் கால்களும் துள்ளின. அதை அவரே பிறகு என்னிடம் சொன்னார். துரை இறங்கிவிட்டார், தான் இன்னும் மேலே நிற்பதா? உடம்பு விளிம்புக்குப் போய்விட்டதாம். ஆனால் கைகள் இரண்டும் உள்ளே இருந்த கயிற்றுப் பிடியை விடவில்லை. "கடுதாசி ஞாபகம் வந்துச்சுங்க. கட்டளை இல்லாம எறங்கக் கூடாதுன்னு எழுதியிருக்குன்னீங்களே" என்றார். ஆக நான் அடித்த ஒரு கடிதத்தால் ஒரு நல்லதும் நடந்திருக்கிறது.

பலூன் வெடுக்கென்று எழும்பியது. எட்டுப் பேரில் இரண்டு பேர் கூடையைப் பிடித்தார்கள், ஹெண்ட்ரிக் விடச் சொல்லிக் கத்தியதும் முருகையா, "விட்டுருங்க! விட்டுருங்க! தொங்கிப் போயிருவீங்க!" என்று அலறினார். விட்டார்கள். கீழே துரை நிலை தடுமாறி முழங்காலில் விழுந்து, பெட்டி பிளந்து, முதல்தர தேயிலை அவ்வளவும் தலைவர் காலில் போட்டிருந்த சப்பாத்தில் கொட்டியது. தலைவர் அவரைப் பார்க்கவில்லை. தோட்டமே மேலே பார்த்துக்கொண்டிருந்தது. பெரியாயி என் பக்கத்தில் நின்றாள். "ஏய்யா, அது எங்க போவுது?" என்று மட்டும் கேட்டாள். அவளுக்கு இழுப்பு தொடங்கிவிட்டது.

மேலே நடந்ததை இரண்டு பேர் வாயாலும் கேட்டு எழுதுகிறேன். ஹெண்ட்ரிக் முதலில் சிவப்புக் கயிற்றைத்தான் பிடித்தார். இழுப்பதற்கு முன் எதிரே பார்த்தார். பெக்டரிப் புகைபோக்கியும் மின்சாரக் கம்பியும் நேரே இருந்தன. இப்போது இறங்கினால் அதன் மேல்தான் இறங்க வேண்டும். கயிற்றை விட்டுவிட்டு நெருப்பை முழுதாகத் திறந்தார். இறங்க வேண்டியவர் ஏறுகிறாரே என்று முருகையா பிடியை இன்னும் இறுக்கினார். புகைபோக்கி காலுக்கு அடியில் போன பிறகுதான் புரிந்தது.

அதற்கப்புறம் மலை முடிந்துவிட்டது. எங்கள் தோட்டத்தின் தெற்கு எல்லையில் நிலம் சட்டென்று அறுந்து விழும். கீழே கொஸ்லந்தைப் பக்கம் வரைக்கும் பள்ளம்தான். அந்த விளிம்பைத் தாண்டியதும் ஹெண்ட்ரிக் நெருப்பை நிறுத்தினார். அப்படி ஓர் அமைதியை முருகையா அதுவரை கேட்டதில்லையாம். காற்றோடு சேர்ந்தே போவதால் முகத்தில் காற்றுப்படவில்லை. லயங்கள் சின்னச் சின்னப் பெட்டிகளாகத் தெரிந்தன. பங்களாவும் ஒரு பெட்டிதான், கொஞ்சம் பெரியது.

"உன் வாயில் வெற்றிலை இருக்கிறதா?" என்று ஹெண்ட்ரிக் சைகையாலும் பங்களா இங்கிலீஷிலும் கேட்டார். இருந்தது. துரை முன்னால் மெல்லக் கூடாது என்று காலையிலிருந்து கன்னத்தில் ஒதுக்கி வைத்திருந்தார். "கீழே துப்பு" என்றார். முருகையா மறுத்தார். துரைக்கு முன்னால் துப்புவதா? ஹெண்ட்ரிக் தானே ஒருதரம் துப்பிக் காட்டினார். பிறகு இவரும் துப்பினார். சிவப்புத் துளிகள் நேரே விழுந்து, பாதியில் கிழக்கே சாய்ந்து போயின. கீழே காற்று வேறு பக்கம் போகிறது, அந்தக் காற்றுக்குள் இறங்கினால் கிழக்கே தெரியும் அந்தப் புல்வெளிக்குப் போகலாம் என்று ஹெண்ட்ரிக் காட்டினார். ஐம்பத்து நாலு வயதில் முதல் தடவையாக ஒரு துரைக்கு முன்னால் துப்பியது அவருக்குப் பெரிய சந்தோஷமாக இருந்திருக்கிறது. இதைச் சொல்லும்போதெல்லாம் சிரிப்பார்.

இறங்குவது தெரியவில்லை. காது அடைத்தது, கீழே மரங்கள் பெரிதாகின, அவ்வளவுதான். வேகம் கூடியது என்று ஹெண்ட்ரிக் ஒரு கருவியைப் பார்த்துச் சொன்னார். நெருப்பின் பிடியை முருகையா கையில் கொடுத்தார். "இப்போது" என்றதும் அழுத்த வேண்டும். "போதும்" என்றதும் விட வேண்டும். முருகையா அழுத்தினார், விட்டார். ஒன்றும் நடக்கவில்லை, பலூன் விழுந்துகொண்டே இருந்தது. பதறி மறுபடி அழுத்தப் போனார். ஹெண்ட்ரிக் அவர் கையைப் பிடித்து, "பொறு" என்றார். பத்து எண்ணுவதற்குள் விழுவது மெல்ல மெல்லத் தளர்ந்தது.

"வெறகு வச்ச ஒடனே சோறு கொதிக்குமாங்க?" என்று என்னிடம் கேட்டார் முருகையா. "சூடு உள்ள போயி, மேல போயி, பைய எல்லாம் புடிக்கணும்ல. அவசரப்பட்டு இன்னும் வச்சா, எறங்க வேண்டியது ஏறிப் போயிரும். முன்னாடியே வைக்கணும், வச்சிட்டுப் பொறுக்கணும். எனக்குப் பொறுக்குறதுதாங்க கஷ்டமா இருந்துச்சு. இத்தனை வருசமா வண்டி நிக்க முன்னாடியே குதிச்சவன்."

புல்வெளியில் விறகு பொறுக்கிக்கொண்டிருந்த பெண்கள் பலூனைக் கண்டு கட்டுகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள்.

"ஏ ஆத்தா! ஓடாதீங்க! வந்து கூடையப் புடிங்க!"

ஒருத்தி நின்று திரும்பினாள். "யாரு நீ?"

"வெள்ளிமலை முருகையா!"

"அங்க என்னா பண்ற?"

"தொரை எறங்கிட்டாருங்க!"

இந்தப் பதிலில் அவர்களுக்கு என்ன விளங்கியதோ, வந்துவிட்டார்கள். கூடைக்குள் இருந்த இரண்டு பேரும் முழங்காலை மடக்கி, பிடியை இறுக்கி நின்றார்கள். கூடை தொட்டது, ஒருதரம் மெல்லத் துள்ளியது, உட்கார்ந்தது. முருகையா அசையவில்லை. பதினொரு பெண்கள் விளிம்பில் சாய்ந்து பாரம் கொடுத்தார்கள். ஹெண்ட்ரிக் நெருப்பை முழுதாக மூடிவிட்டுச் சிவப்புக் கயிற்றை இழுத்து இழுத்துப் பிடித்தார். உச்சி திறந்தது. அந்தப் பெரிய மஞ்சள் துணி தளர்ந்து, மடிந்து, புல்லில் படுத்தது.

அப்போதும் முருகையா அசையவில்லை. ஹெண்ட்ரிக் சிரித்து, "இப்போது இறங்கு" என்றார். அவர் காலைத் தூக்கியதும் ஒரு பெண் கையைக் கொடுத்தாள், இன்னொருத்தி கூடையைச் சாய்க்காமல் பிடித்தாள். தன் வாழ்நாளில் அவர் இறங்குவதற்கு யாரும் எதையும் பிடித்ததில்லை. இதைச் சொல்லும்போது மட்டும் அவர் சிரிக்க மாட்டார்.

தாஸிமின் லொறி மத்தியானம் திரும்பி வந்தது. பெரியாயி காலையிலிருந்து ரோட்டோரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். லொறியின் பின்பக்கம் மடித்த துணிக்கு மேல் முருகையா உட்கார்ந்திருந்தார். வண்டி நின்றது, அவர் இறங்கவில்லை. "எறங்கேன்யா, என்ன பாத்துக்கிட்டிருக்க!" என்று அவள் அழுதுகொண்டே கத்திய பிறகுதான் இறங்கினார்.

திங்கட்கிழமை காலை. சிவஞானம் கண்ணாடிக் குண்டைத் தூக்கி, கடிதத்தை எடுத்து, பேனாவைத் திறந்து துரையிடம் நீட்டினார். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லை. அந்த மனிதரிடம் அவ்வளவு துணிச்சல் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. துரை வாசித்தார். 'கட்டளை இல்லாமல் வாகனத்திலிருந்து இறங்கி' என்ற இடத்தில் கண் நின்றது. சப்பாத்தில் தேயிலையோடு கொழும்புக்குப் போன தலைவர் இதன் பிரதி ஒன்றைப் பார்க்க நேர்ந்தால் யாரை நினைப்பார்?

"அப்புறம் பார்ப்போம்" என்றார். கடிதம் மறுபடி குண்டுக்கு அடியில் போயிற்று.

கிழிக்கவில்லை. கிழித்திருந்தால் மனிதர். இரண்டு வருடம் அது அங்கேயே இருந்தது. மாதம் ஒருதரம் முருகையா ஜன்னலோரம் வந்து, "கடுதாசி இருக்குங்களா?" என்பார். "இருக்கு" என்பேன். போய்விடுவார். இரண்டு வருடமும் பெரியாயி அந்தக் காம்பராவில் இருந்தாள், இரண்டு வருடமும் சாமான்களைப் பாதி கட்டியே வைத்திருந்தாள்.

ஒன்று மட்டும் மாறியது. ஜீப் நின்றால் முருகையா குதிப்பதில்லை. பின்னால் அசையாமல் உட்கார்ந்திருப்பார். துரையும் முன்னால் அசையாமல் உட்கார்ந்திருப்பார். அப்புத்தளைக் கடைத்தெருவில் நடு ரோட்டில் இரண்டு பேரும் இப்படி இருப்பதை நானே பார்த்திருக்கிறேன். கடைசியில் துரை திரும்பாமலே, "இறங்கு" என்பார். "சரிங்க" என்று இறங்கி வந்து கதவைத் திறப்பார். ஒரு நாளும் தவறியதில்லை, அந்தக் கட்டளையைத் துரையின் வாயிலிருந்து வாங்காமல் அவர் கால் தரையில் படவில்லை.

துரைக்கு இடமாற்றம் வந்தது. போகும் அவசரத்தில் மேசையைச் சுத்தம் செய்யச் சொன்னார். கடிதத்தை நான் மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு லாயத்துக்குப் போனேன். முருகையாவுக்கு இங்கிலீஷ் வாசிக்கத் தெரியாது. ஒருதரம் தமிழில் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

"எம் பேர எடுத்திட்டுத் தொரை பேரப் போட்டாலும் இது சரியாத்தானே இருக்கும்?" என்று கேட்டார்.

"சரியாத்தான் இருக்கும்."

பெரியாயி அதை வாங்கிப் பார்த்தாள். இரண்டு வருடம் தன்னைப் பாதி மூட்டையோடு வைத்திருந்த தாள் இவ்வளவுதானா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு தேநீருக்கு வைத்திருந்த அடுப்பில் செருகினாள். அது சுருண்டு கறுத்து, அடுப்புச் சூட்டில் முழுசாகக் கிளம்பி, குதிரைக்கென்று கட்டிய அந்த உயரமான கூரையை நோக்கிப் போயிற்று. மூன்று பேரும் அண்ணாந்து பார்த்தோம்.

"பொறு" என்றார் முருகையா. "ஆறட்டும். தானா எறங்கும்."

பெரியாயி மூலையில் கட்டி வைத்திருந்த மூட்டையை இழுத்து முடிச்சை அவிழ்க்கத் தொடங்கினாள்.